பிடித்தம் பற்றிக் கேட்டால் எப்படிப் பதில் எழுதுவது?

சென்னையில் ஒரு சிறு தொழிற்கூடம் என்று வைத்துக்கொள்வோம். 2024 ஜூலையில் ஒரு ஊழியருக்கு 2,000 ரூபாய் சம்பள உயர்வு கிடைக்கிறது. மொத்தச் சம்பளம் 20,500-லிருந்து 22,500 ஆகிறது. ஜூன் மாதம் பிடித்தம் போக 18,906 ரூபாய் வாங்கியவர், ஆகஸ்ட் சம்பளம் ஏறியதும் வங்கிக் கணக்கைப் பார்க்கிறார். 19,461 ரூபாய்தான் இருக்கிறது. கணக்குப் பிரிவுக்கு எழுதுகிறார்: “சார், 2,000 ஏற்றினீர்கள், 555 ரூபாய்தான் கூடியிருக்கிறது. 21,000-க்கு மேல் போனால் இ.எஸ்.ஐ. கிடையாது என்றார்கள், இன்னும் பிடிக்கிறீர்களே?”

பல அலுவலகங்களில் இதற்குப் போகும் பதில் ஒரே வரிதான்: “பிடித்தங்கள் அனைத்தும் சட்டப்படியே செய்யப்பட்டுள்ளன.” இது பொய்யில்லை. ஆனால் அவர் கேட்டது 555 ரூபாய்க் கணக்கு. அதைப் பற்றி இந்த வரியில் ஒரு சொல்கூட இல்லை. படித்த பிறகு அவருக்குச் சந்தேகம் கூடத்தான் செய்யும்.

இந்தப் பதிலைத் திருத்த உட்காருபவர் முதலில் ஜூன், ஆகஸ்ட் இரண்டு மாதச் சம்பளச் சீட்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்க வேண்டும். வருகைப் பதிவேட்டையும் ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். சம்பளமில்லா விடுப்பு ஒரு நாள் தவறாக ஏறியிருந்தால், சட்டத்தை விளக்கி எழுதிய கடிதம் நமக்கே அவமானமாகிவிடும். இங்கே விடுப்பு எதுவும் இல்லை. மாறியவை மூன்றே இனங்கள்.

அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 12,000-லிருந்து 13,500 ஆனதால், அதில் 12 சதவீதமான பி.எஃப். 1,440-லிருந்து 1,620 ஆயிற்று. இ.எஸ்.ஐ. மொத்தச் சம்பளத்தில் 0.75 சதவீதம். அது 154-லிருந்து 169 ஆயிற்று. பெரிய தொகை மூன்றாவது: தொழில் வரி 1,250 ரூபாய். இது மாநகராட்சிக்கு அரையாண்டுக்கு ஒரு முறை போவது. ஜூலையில் இந்தப் பிடித்தம் இல்லாததால் கைக்கு 20,711 வந்தது. அதையே புதிய சம்பளமாக மனதில் வைத்திருந்தவருக்கு ஆகஸ்டில் அதிர்ச்சி வருவது இயல்புதான்.

இ.எஸ்.ஐ. விஷயத்தில் அவர் கேள்விப்பட்டது பாதி சரி. 21,000 ரூபாய் வரம்பு உண்மை. ஆனால் இ.எஸ்.ஐ.யில் சந்தாக் காலம் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை, அக்டோபர் முதல் மார்ச் வரை என்று இரண்டு. ஒரு காலத்தின் நடுவில் சம்பளம் வரம்பைத் தாண்டினால், அந்தக் காலம் முடியும்வரை சந்தா தொடர வேண்டும். அதுவும் 21,000-க்கு அல்ல, முழு 22,500-க்கும். சில கணக்கர்கள் உயர்வு வந்த மாதமே நிறுத்திவிடுகிறார்கள். அதுதான் தவறு, நஷ்டம் ஊழியருக்கு. ஏப்ரல்–செப்டம்பர் காலத்தில் 78 நாட்களுக்காவது சந்தா செலுத்தியிருந்தால்தான், அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை நோய்க்கால உதவித்தொகைக்குத் தகுதி வரும். ஜூலையிலேயே நிறுத்தினால் அந்த நாட்கள் குறைந்துபோகலாம்.

இவ்வளவையும் கடிதத்தில் கொட்ட வேண்டியதில்லை. அவருடைய 555-லிருந்தே தொடங்கினால் போதும்:

“வணக்கம். உங்கள் கணக்கு சரி, ஜூனைவிட ஆகஸ்டில் 555 ரூபாய்தான் கூடுதலாக வந்திருக்கிறது. மீதி 1,445 ரூபாய் போன இடம் இது: பி.எஃப். கூடுதல் 180, இ.எஸ்.ஐ. கூடுதல் 15, தொழில் வரி 1,250. தொழில் வரி அரையாண்டுக்கு ஒரு முறைதான், செப்டம்பரில் வராது. அடுத்த மாதம் ஜூலையைப் போலவே 20,711 ரூபாய் வரும். இ.எஸ்.ஐ. வரம்பைத் தாண்டிவிட்டீர்கள் என்பது உண்மை. ஆனால் உயர்வு சந்தாக் காலத்தின் நடுவில் வந்ததால் செப்டம்பர் வரை பிடிக்க வேண்டும். அக்டோபர் சம்பளத்திலிருந்து நிற்கும். பி.எஃப். பணம் உங்கள் கணக்கில் ஏறியதை யு.ஏ.என். எண்ணைக் கொண்டு பாஸ்புக்கில் பார்க்கலாம். இரண்டு மாதச் சீட்டையும் இணைத்திருக்கிறேன். இன்னும் புரியாவிட்டால் நேரில் வாருங்கள், சேர்ந்து பார்ப்போம்.”

இதில் சமாதானச் சொல் ஒன்றும் இல்லை, சட்டப் பிரிவு எண்ணும் இல்லை. அவர் கேட்ட தொகை ரூபாய் விடாமல் கணக்காகிறது, தொழில் வரியும் இ.எஸ்.ஐ.யும் எப்போது நிற்கும் என்பது தெரிகிறது. “ஏற்கெனவே சொன்னோமே”, “எல்லோருக்கும் இப்படித்தான்” போன்ற சொற்களை எழுதியிருந்தால் அடித்துவிடுங்கள். அவை கணக்கில் ஒரு ரூபாயையும் விளக்குவதில்லை, கேட்டவரை மட்டும் சிறுமைப்படுத்துகின்றன.

சரிபார்க்கும்போது தவறு நம் பக்கம் என்று தெரிந்தால், அதை முதல் வரியிலேயே எழுதி, எவ்வளவு தொகை எந்தச் சம்பளத்தில் திரும்ப வரும் என்பதையும் சேர்க்க வேண்டும். “பரிசீலனையில் உள்ளது” என்று எழுதினால் அடுத்த வாரமும் அதே கேள்வி வரும்.

கணக்குப் பிரிவில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தொழில் வரி பிடிக்கும் மாதத்தில், சம்பளம் போடுவதற்கு முந்தைய நாளே இரண்டு வரி அறிவிப்பு அனுப்பிவிடுங்கள். பாதிக் கேள்விகள் எழாமலே போய்விடும்.