ஐம்பது பவுண்டைத் தாண்டினால் மஞ்சள்

இங்கிலாந்தின் அரசு மருத்துவ சேவையான என்.எச்.எஸ்.ஸில், குணமாகிப் போகும் நோயாளி நர்ஸ் கையில் ஒரு சாக்லேட் பெட்டியைத் திணித்துவிட்டுப் போனால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. 2017-இல் வந்த வழிகாட்டி 50 பவுண்டில்தான் கோடு போடுகிறது. அதற்கு மேற்பட்ட பரிசைத் தனக்கென்று வைத்துக்கொள்ளக் கூடாது; மருத்துவமனையின் அறநிதிக்காக வாங்கி, பதிவேட்டில் எழுத வேண்டும். யாராவது வாங்கித் தரும் சாப்பாட்டுக்கு வேறு கணக்கு. 25 பவுண்டுக்குள் என்றால் சொல்ல வேண்டாம், 75 வரை சாப்பிட்டுவிட்டுச் சொல்ல வேண்டும், அதற்கு மேல் மேலதிகாரியின் அனுமதி இல்லாமல் தொடவே கூடாது.

பல பிரிவுகளிலிருந்து வரும் படிவங்களை ஒரே எக்செல் தாளில் சேர்த்து, வரம்பு மீறிய வரிசைக்கு மஞ்சள் பூசுவது சுலபமான வேலையாகத் தெரியும். ஆனால் அதே வழிகாட்டியில் இன்னொரு விதியும் இருக்கிறது: ஒரே ஆள் 12 மாதங்களில் கொடுத்த பரிசுகளைக் கூட்டினால் 50-ஐத் தாண்டுகிறதென்றால், அதுவும் மீறல்தான்.

ஒரு கற்பனைக் கணக்கு. ஒரே குடும்பம் ஒரு நர்ஸுக்கு ஜனவரியில் 20, ஜூனில் 20, நவம்பரில் 15 பவுண்டுக்குப் பரிசு தருகிறது. தனித்தனியாகப் பார்த்தால் மூன்றும் சாது. கூட்டினால் 55. இதைப் பிடிக்க, ஒவ்வொரு வரிசையும் தனக்கு முந்தைய ஓராண்டைத் திரும்பிப் பார்க்க வேண்டும். A-யில் தேதி, B-யில் வாங்கியவர், C-யில் கொடுத்தவர், D-யில் மதிப்பு என்றால், 9-ஆம் வரிசைக்கான சூத்திரம் இது:

```
=SUMIFS(D:D,B:B,B9,C:C,C9,A:A,">"&EDATE(A9,-12),A:A,"<="&A9)>50
```

இதுவும் ஏமாறும். ஒரு படிவத்தில் 'திருமதி ஸ்மித்', இன்னொன்றில் 'ஸ்மித் குடும்பம்' என்றிருந்தால் எக்செலுக்கு அவர்கள் இரண்டு பேர். மதிப்புக் கட்டத்தில் 'சுமார் 20' என்று எழுதினால் அது எண்ணே இல்லை. சத்தமில்லாமல் கூட்டலிலிருந்து விடுபட்டுப் போகும். ஆகவே படிவத்தில் வந்த பெயரை அப்படியே விட்டுவைத்து, பக்கத்தில் திருத்திய பெயருக்கு ஒரு பத்தி ஒதுக்குவதும், மதிப்புக் கட்டத்தில் எண்ணைத் தவிர எதையும் ஏற்காமல் தடுப்பதும் நல்லது. என் பார்வையில், சூத்திரத்தைவிட இந்தச் சில்லறை வேலைதான் முக்கியம்.

சூத்திரத்தால் தீராத சிக்கல் ஒன்று உண்டு. 50-க்குக் கீழான பரிசைத் தெரிவிக்கத் தேவையில்லை என்கிறது விதி. அப்படியானால் அந்த 20, 20, 15 பதிவேட்டுக்கே வராமல் போகலாம். கூட்டிப் பார்க்கும் பொறுப்பு நர்ஸின் ஞாபகத்துக்குப் போய்விடுகிறது. வராததற்கு மஞ்சள் பூச முடியாது.

நலமுரண் அறிக்கைகளுக்குத் தொகை வரம்பு உதவாது. டாக்டருக்கு ஒரு கம்பெனியில் பங்கு இருந்தால், அந்தப் பெயர் மருத்துவமனைக்குச் சரக்கு தருபவர்களின் பட்டியலில் இருக்கிறதா என்றுதான் ஒப்பிட வேண்டும்.

மஞ்சள் விழுந்ததாலேயே யாரும் குற்றவாளி ஆகிவிடுவதில்லை. 75-ஐத் தாண்டிய விருந்துக்கு எதிரே அனுமதித்தவர் பெயரும் காரணமும் இருந்தால் அது முடிந்த விஷயம். அந்தக் கட்டங்கள் காலியாக இருந்தால்தான் போனை எடுக்க வேண்டும்.