‘அப்பா’ என்று அடித்தால் ‘அல்ல’ வருகிறது

ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்காவிடமிருந்து போன் வந்தது. “தம்பி, கீபோர்டு கெட்டுப்போச்சு. ஐந்நூறு ரூபாய்க்குப் புதுசு வாங்கி மாட்டினோம். அதுலயும் அப்படியேதான் வருது. கம்ப்யூட்டர்லயே ஏதோ கோளாறுபோல. கொஞ்சம் வந்து பாரேன்.”

அந்த வீட்டில் கம்ப்யூட்டர் ஒன்றுதான். அக்கா மகளிர் சுயஉதவிக் குழுவின் கணக்கை அதில் எழுதுகிறாள். அப்பா சங்கத்துக்குத் தமிழில் கடிதம் அடிக்கிறார். பிளஸ் ஒன் படிக்கும் மருமகன் அதில் புரோகிராம் எழுதிப் பழகுகிறான். மூவரும் ஒரே கணக்கில், ஒரே பின் எண்ணைப் போட்டுத்தான் உள்ளே போகிறார்கள்.

போய் உட்கார்ந்ததும் நோட்பேடைத் திறந்து appa என்று அடித்தேன். திரையில் alla என்று வந்தது. அடுத்து amma அடித்தேன். அது பிசகில்லாமல் amma என்றே வந்தது. கீபோர்டு கெடவில்லை என்பது அப்போதே தெரிந்துவிட்டது. கெட்டுப்போன விசை எழுத்தை விழுங்கும், அல்லது ஒரே எழுத்தை இரண்டு மூன்று முறை போடும். p அடிக்கும்போதெல்லாம் தவறாமல் l கொடுக்காது. யாரோ எழுத்துகளை இடம் மாற்றி வைத்திருக்கிறார்கள்.

மருமகன் கதவோரம் நின்றுகொண்டிருந்தான். “மாமா, நான்தான் டுவோராக் போட்டேன்” என்றான்.

விசை அனுப்புவது எழுத்து அல்ல, எண்

கீபோர்டில் A என்று அச்சிட்டிருப்பது நம் கண்ணுக்காக மட்டும்தான். அந்த விசையை அழுத்தினால் கம்ப்யூட்டருக்கு எழுத்து போவதில்லை, இடத்தைக் குறிக்கும் ஓர் எண்தான் போகிறது. விண்டோஸின் கணக்கில் A விசைக்கு 30, அதற்கு அடுத்த S விசைக்கு 31. அந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்று சொல்வது விண்டோஸுக்குள் இருக்கும் ஓர் அட்டவணை. அதைத்தான் விசைப்பலகை அமைப்பு என்கிறோம். அட்டவணையை மாற்றிவிட்டால், எந்தக் கீபோர்டை வாங்கி மாட்டினாலும் மாறிய எழுத்துதான் வரும். அக்காவின் ஐந்நூறு ரூபாய் வீணானது இதனால்தான்.

மருமகன் தேர்ந்தெடுத்த அட்டவணையின் பெயர் டுவோராக். அமெரிக்காவில் வாஷிங்டன் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆகஸ்ட் டுவோராக், தன் மைத்துனர் வில்லியம் டீலியோடு சேர்ந்து உருவாக்கி 1936-இல் காப்புரிமை பெற்றது. ஆங்கில உயிரெழுத்துகள் ஐந்தும் இடக்கைக்கு அடியில், நடு வரிசையில் இருக்கும். அடிக்கடி வரும் d, h, t, n, s ஆகியவை அதே வரிசையில் வலக்கைக்கு. விரல்கள் மேலும் கீழும் தாவுவது குறைகிறது. விண்டோஸிலேயே இது ‘United States-Dvorak’ என்ற பெயரில் இருப்பதால் தனியாக எதையும் நிறுவ வேண்டியதில்லை. இதில் இடம் மாறாத ஆங்கில எழுத்துகள் A, M இரண்டு மட்டுமே. amma தப்பித்ததும் appa மாட்டிக்கொண்டதும் அதனால்தான்.

எண் விசைகளும் மாறுவதில்லை. பின் எண்ணைப் போட்டு எல்லோரும் வழக்கம்போல் உள்ளே போக முடிந்தது. பிறகு அக்கா வங்கிப் பக்கத்தில் கடவுச்சொல்லை அடித்தாள். அங்கே எழுத்துக்குப் பதில் புள்ளிகள்தான் தெரியும் என்பதால், என்ன விழுகிறது என்று அவளுக்குத் தெரியவில்லை. மூன்று முறை தவறாகி, அன்றைக்குக் கணக்கு முடங்கிவிட்டது.

அதைவிடக் கணக்குப் புத்தகத்தில் நடந்ததுதான் அவளை அதிகம் வருத்தியது. எக்செல்லில் சேமிக்க Ctrl+S அழுத்துவது அவள் வழக்கம். டுவோராக்கில் S அச்சிட்ட விசை o ஆகிவிடுகிறது. அப்போது அவள் அழுத்துவது Ctrl+O, அதாவது வேறு கோப்பைத் திறக்கும் கட்டளை. ஏதோ பக்கம் திறக்கிறதே என்று அதை மூடிவிட்டு வேலையைத் தொடர்ந்திருக்கிறாள். சேமித்துவிட்டதாகவே நம்பியிருக்கிறாள். அன்று மாலை மின்சாரம் போனபோது இரண்டு மணி நேரம் எழுதிய சந்தா விவரம் போய்விட்டது.

இரண்டாவது மாற்றம்

மொழி அமைப்பில் டுவோராக்கை நீக்கியதும் எழுத்துகள் சரியாகின. ஆனாலும் பெரிய எழுத்துக்காக அக்கா Caps Lock-ஐத் தட்டும்போதெல்லாம் முந்தின எழுத்து அழிந்தது. “அதையும் நான்தான் மாமா பேக்ஸ்பேஸா மாத்தினேன்” என்றான். சுண்டுவிரலுக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த விசை அவனுக்குப் பயன்படுவதே இல்லையாம். விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியில் அவன் சேர்த்திருந்தது இது:

```
[HKEY_LOCAL_MACHINE\SYSTEM\CurrentControlSet\Control\Keyboard Layout]
"Scancode Map"=hex:00,00,00,00,00,00,00,00,02,00,00,00,0e,00,3a,00,00,00,00,00
```

இதில் 3a என்பது Caps Lock விசையின் எண், 0e என்பது பேக்ஸ்பேஸின் எண். முன்னது வந்தால் பின்னதாக எடுத்துக்கொள் என்று பொருள். இரண்டு மாற்றங்களுக்கும் உள்ள வேறுபாட்டை அவனுக்கு இங்கேதான் விளக்கினேன். டுவோராக் ஒரு பயனருக்குரிய அமைப்பு. அவரவர் கணக்கில் அவரவர் வைத்துக்கொள்ளலாம். `HKEY_LOCAL_MACHINE` பகுதியில் எழுதியதோ முழு கம்ப்யூட்டருக்கும் உரியது. யார் உட்கார்ந்தாலும், உள்நுழையும் திரையிலும்கூட, அது செல்லும். `Scancode Map` என்ற மதிப்பை மட்டும் அழித்துவிட்டுக் கம்ப்யூட்டரை மறுபடி தொடங்கியதும் Caps Lock பழையபடி ஆனது.

அவன் பழக்கத்தை விடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மூன்று வாரமாக உட்கார்ந்து விரல்களைப் பழக்கியிருக்கிறான். அமைப்புகளில் ‘Accounts’ பகுதிக்குப் போய், ‘Other users’ வழியாக அவனுக்கென்று தனிக் கணக்கு உருவாக்கினோம். டுவோராக்கை அதில் மட்டும் சேர்த்தோம். Caps Lock-க்கு ரெஜிஸ்ட்ரியைத் தொடாமல், மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் பவர்டாய்ஸில் உள்ள ‘Keyboard Manager’-ஐ அவன் கணக்கில் ஓட வைத்தோம். அது ஓடிக்கொண்டிருக்கும்போது மட்டுமே விசை மாறியிருக்கும். உள்நுழையும் திரையில் செல்லாது என்பது அதன் குறை. பகிர்ந்துகொள்ளும் கம்ப்யூட்டருக்கு அந்தக் குறையே பாதுகாப்பு.

அக்காவுக்கு ஒரே ஒரு சோதனையைச் சொல்லிக் கொடுத்தேன். கடவுச்சொல் தவறு என்று வந்தால் இரண்டாவது முறை முயலும் முன் நோட்பேடில் appa என்று அடித்துப் பார்க்க வேண்டும். வேறு எழுத்து வந்தால், திரையின் கீழ் மூலையில் ENG என்று இருப்பதைச் சொடுக்கி எந்த அமைப்பு ஓடுகிறது என்று பார்க்க வேண்டும்.

ஒன்று மட்டும் எனக்குப் புரியாமல் இருந்தது. மூன்று வாரமாக அப்பா எந்தக் குறையும் சொல்லவில்லை. கேட்டேன். “எனக்கு எல்லாம் சரியாத்தானேப்பா இருந்துச்சு” என்றார். அவர் அடிப்பது தமிழ் 99. சென்னையில் 1999-இல் நடந்த தமிழிணைய மாநாட்டையொட்டித் தமிழக அரசு தரப்படுத்திய அமைப்பு அது. அது தனி அட்டவணை. ஆங்கில அட்டவணையில் என்ன மாறினாலும் அதைத் தொடாது. Caps Lock-ம் அதற்குத் தேவைப்படாது.

மருமகன் தாத்தாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். அவர் H விசையைத் தட்டினார், ‘க’ வந்தது. M விசையைத் தட்டினார், ‘ர’ வந்தது. உயிரெழுத்துகள் எல்லாம் இடக்கைப் பக்கம் இருப்பதை அவன் கவனித்துவிட்டான். “தாத்தா, இதுலயும் டுவோராக் மாதிரிதான் வெச்சிருக்காங்க!” என்றான்.

“எனக்கு அதெல்லாம் தெரியாதுடா. விசையில என்ன எழுதியிருக்குன்னு நான் பார்க்கிறதே இல்ல” என்றார் அப்பா, கடிதத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.