விளையாட்டு வீரர் இதயமும் நோய்வழி இதயத்தசைத் தடிப்பும்: இசிஜி, எக்கோ அடையாளங்கள்வழி வேறுபாடு காணல்

ஆய்வுச்சுருக்கம்

நெடுநாள் கடும்பயிற்சி இதயத்தின் இடது கீழறைச் சுவரைத் தடிக்கச் செய்யும். மரபுவழித் தசைநோயான ஹைப்பர்ட்ரோபிக் கார்டியோமயோபதியும் அதையே செய்யும். சுவர்த் தடிப்பு 13 முதல் 15 மி.மீ. வரை அமையும்போது இவ்விரண்டையும் பிரித்தறியும் முறையை இக்கட்டுரை ஓர் எடுத்துக்காட்டின் வழி விளக்குகிறது. தெற்காசியரிடம் பரவலாகக் காணப்படும் மரபணு மாற்றம் ஒன்று இந்த அறிதலில் பெறும் இடத்தையும் ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: இடது கீழறை, சுவர்த் தடிப்பு, டி அலை, டாப்ளர், எம்ஒய்பிபிசி3

முன்னுரை

1899ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு மருத்துவர் ஹென்ஷென், பனிச்சறுக்கு வீரர்களின் மார்பைத் தட்டிப்பார்த்தே அவர்களின் இதயம் பெரிதாக இருப்பதைக் கண்டறிந்தார். அந்தப் பெருக்கம் எந்த அளவு வரை இயல்பானது என்னும் வினாவிற்கு எக்கோ கருவி வந்த பின்னரே அளவு சார்ந்த விடை கிடைத்தது. இத்தாலியில் பெலிச்சியா குழுவினர் 947 உயர்நிலை வீரர்களை ஆய்ந்து 1991இல் முடிவுகளை வெளியிட்டனர். அவர்களுள் 16 பேரிடம் மட்டுமே சுவர்த் தடிப்பு 13 மி.மீ. அல்லது அதற்கு மேல் இருந்தது. அந்தப் பதினாறு பேருள் பதினைவர் படகு வலிப்போர், எஞ்சிய ஒருவர் மிதிவண்டி வீரர். அனைவரிடமும் கீழறையின் உள்வெளியும் விரிந்திருந்தது. எவரிடமும் தடிப்பு 16 மி.மீ.க்கு மேல் செல்லவில்லை.

இந்த முடிவில் இரு செய்திகள் அடங்கியுள்ளன. பயிற்சியால் மட்டுமே 13 மி.மீ.யைக் கடப்பது அரிது. அது பெரும்பாலும் குறிப்பிட்ட சில விளையாட்டுகளுக்கே உரியது. மேலும், பயிற்சியால் சுவர் தடிக்கும்போது அறையும் உடன் விரிகிறது. எனவே தடிப்பின் அளவை மட்டும் நோக்குவது போதாது. அது எத்தகைய இதயத்தில், எத்தகைய விளையாட்டு வீரரிடம் காணப்படுகிறது என்பதையும் நோக்க வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு

வடக்குப்பட்டு, ஒரகடம் வட்டாரத்தில் தொழிற்சாலைப் பணிக்கான உடற்தகுதிச் சோதனைக்கு வரும் 24 வயதுக் கபடி வீரர் ஒருவரை எடுத்துக்கொள்ளலாம். இவர் விளக்கத்திற்காக அமைக்கப்பட்ட கற்பனை மாந்தர். ஆறு ஆண்டுகளாக ஆடுபவர். தொந்தரவு எதுவும் இல்லை. இதயத்துடிப்பு நிமிடத்திற்கு 52. இசிஜியில் வி1 லீடின் எஸ் அலையையும் வி5 லீடின் ஆர் அலையையும் கூட்டினால் 42 மி.மீ. வருகிறது. 35 மி.மீ. என்னும் வரம்பு தாண்டப்பட்டதால், கருவியே ‘இடது கீழறைத் தடிப்பு’ என அச்சிட்டுவிடுகிறது.

இந்த அச்சு வரியைக் கண்டு அஞ்சுவதும் பிழை, அதை மட்டும் ஆராய்ந்து விட்டுவிடுவதும் பிழை. பயிற்சி பெற்ற இளைஞரிடம் மின்னழுத்த உயர்வு மட்டும் தனித்து இருப்பின் அது இயல்பாகவே கொள்ளப்படும். மெதுவான துடிப்பு, சற்றே நீண்ட பிஆர் இடைவெளி ஆகியனவும் அவ்வாறே. மாறாக, தசைநோயுடையோரிடம் அழுத்த உயர்வு வேறு கோளாறு எதுவுமின்றித் தனித்து நிற்பது அரிது. நோயின் குறி பெரும்பாலும் அலையின் உயரத்தில் அன்று, மின்மீட்சியில் வெளிப்படுகிறது. இந்த வீரரின் வி5, வி6, ஒன்று, ஏவிஎல் லீடுகளில் டி அலை 2 மி.மீ. அளவுக்குத் தலைகீழாக உள்ளது. பக்கவாட்டு லீடுகளில் அடுத்தடுத்து இரண்டில் 1 மி.மீ. தலைகீழ் ஆதலே மேலாய்வைக் கோரும் குறியாகும். எஸ்டி தாழ்வு, ஆழ்ந்த க்யூ அலை ஆகியனவும் அத்தகையனவே.

இனி எக்கோ. இடைச்சுவர் 14 மி.மீ., பின்சுவர் 10 மி.மீ., விரிநிலையில் அறையின் விட்டம் 46 மி.மீ. படகு வலிக்கும் வீரர் ஒருவரிடம் இதே இடைச்சுவர் அளவு இருந்தால் பின்சுவரும் ஏறக்குறைய அதே தடிப்பிலும், அறை 55 மி.மீ.க்கு மேலும் இருக்கும் என எதிர்பார்க்கலாம். பயிற்சியால் தடித்த இதயத்தையும் நோயுற்ற இதயத்தையும் ஒப்பிட்ட பிற்கால ஆய்வொன்றில் அறையின் விட்டம் 54 மி.மீ.க்குக் குறைவாக இருத்தலே நோயை நன்கு பிரித்துக் காட்டிய அளவாக அமைந்தது. அத்துடன் கபடி, படகு வலித்தலைப் போலச் சுவரை 14 மி.மீ. வரை தடிக்கச் செய்யும் விளையாட்டாக அறியப்படவில்லை.

திசு டாப்ளர் மேலும் ஒரு சான்று தருகிறது. பயிற்சி பெற்ற தசை தடித்திருந்தாலும் விரைந்து தளரும். நோயுற்ற தசை இறுகியிருக்கும். மிட்ரல் வளையத்தின் பக்கவாட்டில் தொடக்க விரிவின் வேகம் நொடிக்கு 10 செ.மீ.க்குக் குறைவது இளைஞரிடம் இயல்பன்று. இவ்வீரரிடம் அது 7 செ.மீ. மட்டுமே. வால்வு முன்னகர்வோ வெளியேற்றப் பாதையில் அழுத்த வேறுபாடோ இல்லை. இவை இல்லாமையால் நோய் இல்லை என்று கூறிவிட இயலாது.

அளவீட்டில் நேரும் பிழைகள்

14 என்னும் எண்ணே சரியானதா என்பதையும் கேட்க வேண்டும். வலது கீழறையின் தசைப்பட்டைகளை இடைச்சுவரோடு சேர்த்து அளந்தாலோ, கற்றை சாய்வாக வெட்டினாலோ இரண்டு, மூன்று மி.மீ. கூடுதலாகத் தோன்றும். இந்த ஐய எல்லைக்குள் அவ்வளவு வேறுபாடே நோயாளியையும் நலமுடையவரையும் இடம் மாற்றிவிடும். குறுக்குவெட்டுக் காட்சியில் மீண்டும் அளந்து உறுதிசெய்வது இதனாலேயே இன்றியமையாததாகிறது. இதற்கு நேர்மாறான பிழையும் உண்டு: இதய நுனியில் மட்டும் அமையும் தடிப்பை எக்கோ தவறவிடும். பக்கவாட்டு டி அலை தலைகீழாக இருந்து எக்கோ இயல்பாகத் தோன்றினால், அங்கு ஆய்வை நிறுத்தாமல் காந்த ஒத்ததிர்வுப் படம் எடுக்க வேண்டும்.

மரபணுவின் இடம்

இவ்வீரரின் பெரியப்பா 38 வயதில் திடீரென இறந்ததாகக் கொள்வோம். நோயுடையவரின் பெற்றோர், உடன்பிறந்தோர், மக்கள் ஆகியோர்க்கு 13 மி.மீ. தடிப்பே நோயை உறுதிசெய்யப் போதும். பிறர்க்கு 15 மி.மீ. வேண்டும். பெரியப்பா அந்த வட்டத்திற்குள் வாரார். அவருடைய இறப்பின் காரணமும் உறுதிசெய்யப்படவில்லை. ஆகவே தந்தைக்கும் எக்கோ எடுப்பதே அடுத்த படி.

இந்நிலையில் மரபணுச் சோதனையே முடிவு கூறும் என்று கருதத் தோன்றும். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய தண்டபாணி முதலியோரின் ஆய்வு 2009இல் ‘நேச்சர் ஜெனெடிக்ஸ்’ இதழில் வெளிவந்தது. எம்ஒய்பிபிசி3 மரபணுவில் 25 காரஇணைகள் நீங்கிய மாற்றம் தெற்காசியரில் ஏறத்தாழ நூற்றுக்கு நால்வரிடம் உள்ளது என்றும், அது இதயத்தசை நோய்க்கான வாய்ப்பை ஏறத்தாழ ஏழு மடங்கு உயர்த்துகிறது என்றும் அது காட்டியது. இம்மாற்றத்தால் புரதத்தின் இறுதிப்பகுதி சிதைகிறது.

ஆயினும் நூற்றுக்கு நால்வர் என்பதே இச்சோதனையின் வரம்பையும் காட்டுகிறது. ஆயிரம் பேர் பணிபுரியும் ஆலையில் ஏறக்குறைய நாற்பது பேர் இதைச் சுமந்திருக்கலாம். அவர்களுள் பெரும்பாலோர் இளமையில் இயல்பான இதயம் உடையோர். வயது ஏறவே அதன் விளைவு கூடுகிறது. இம்மாற்றம் உடையோருள் சிறு பகுதியினரிடம் உடன் காணப்படும் டி389வி என்னும் மற்றொரு மாற்றமே தீங்கிற்குப் பெரிதும் காரணம் எனப் பின்வந்த ஆய்வுகள் சுட்டின. எனவே 25 காரஇணை நீக்கம் மட்டும் கண்டறியப்பட்டால் இந்தக் கபடி வீரரின் 14 மி.மீ. இடைச்சுவருக்கு அது விளக்கமாகாது. அது இல்லையென்றாலும் நோய் நீங்கியதாகாது.

பயிற்சியை நிறுத்திப் பார்த்தல்

பயிற்சியால் வந்த தடிப்பு, பயிற்சி நின்றால் குறையும். 1993இல் வெளிவந்த சிற்றாய்வொன்றில் 13 முதல் 15 மி.மீ. தடிப்புடைய ஆறு ஒலிம்பிக் படகு வீரர்கள், சராசரியாகப் பதின்மூன்று வாரங்கள் பயிற்சியை விட்டபின் 2 முதல் 5 மி.மீ. வரை குறைவு கண்டனர். இச்சோதனை பெறுமதியுடையது, நடைமுறையில் எளிதன்று. விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை எதிர்நோக்கும் இளைஞர் மூன்று மாதம் களம் புகாமல் இருக்க ஒப்புவது அரிது. ஒப்பினாலும், பணியிடத்தில் நாள்தோறும் பளு தூக்குபவராயின் அவ்வுழைப்பையும் கணக்கிட வேண்டும்.

மேற்கூறிய வீரரிடம் இச்சோதனைக்காகக் காத்திருக்கத் தேவையில்லை என்றே கொள்ளத் தகும். பக்கவாட்டு டி அலை, சிறுத்த அறை, மெதுவான தளர்வு, சமனற்ற சுவர் ஆகிய நான்கும் ஒரே பக்கம் சாய்கின்றன. காந்த ஒத்ததிர்வுப் படத்தில் தழும்பு உள்ளதா, ஹோல்டர் பதிவில் கீழறை வேகத்துடிப்பு உள்ளதா என்பன அறியப்படும் வரை போட்டி ஆட்டத்தை நிறுத்தி வைத்தல் வேண்டும். டி அலை நேராக இருந்து, அறை 57 மி.மீ. ஆகவும் தளர்வு விரைவாகவும் இருந்திருப்பின் இதே 14 மி.மீ. அளவுக்குப் பயிற்சி நிறுத்தச் சோதனையே தக்க வழியாக இருந்திருக்கும்.