நிலைக்கதவுப் பக்கம் எண்ணிப் பாருங்கள்

ஊரில் எழும்பும் வீட்டின் படத்தை, வெளியூரில் வேலை பார்க்கும் மகனுக்கு அப்பா கைபேசியில் அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். வாசலோரம் சிவப்புக் குவியல். அதன் பின்னால், கதவு நிலை உயரம் வரை எழும்பிய சாம்பல் நிறச் சுவர். "செங்கல் வந்துவிட்டதே!" என்று மகன் மகிழ்கிறார். அந்தக் குவியலோ, முற்றத்தில் பதிக்க வந்த பேவர் பிளாக்.

நிறத்தை நம்பியதால் வந்த பிழை இது. செங்கல்லின் சிவப்பு, மண்ணிலுள்ள இரும்புச் சத்து சூளைத் தீயில் வெந்து உண்டாவது. தீ எல்லாக் கல்லிலும் ஒன்றுபோல் படுவதில்லை. அதனால் ஒரே லோடிலும் சில கற்கள் வெளிறியும் சில கருத்தும் இருக்கும். பேவர் பிளாக்கின் சிவப்பு, சிமென்ட் கலவையில் சேர்த்த சாயம். குவியல் முழுக்க ஏறத்தாழ ஒரே நிறமாக இருக்கும். பல கற்களில் மேல்பக்கம் மட்டுமே சாயக் கலவை என்பதால், உடைந்த துண்டு ஒன்று படத்தில் இருந்தால் உள்ளே சாம்பல் நிறம் தெரிந்துவிடும். பக்கங்கள் ஜிக்ஜாக்காக வளைந்திருந்தால் சந்தேகமே வேண்டாம்: பக்கத்துக் கல்லோடு கோத்து நிற்பதற்கான வடிவம் அது. பதித்த தரையில் கல்லுக்குக் கல் மெல்லிய இடைவெளிதான் இருக்கும். அதில் சிமென்ட் கலவை இராது, மணல் இருக்கும்.

சுவரைப் படிக்க அளவு வேண்டும். படத்தில் டேப் இராது, ஆனால் கதவு நிலை இருக்கிறது. அதன் உயரம் பெரும்பாலும் 7 அடி. நிலையை ஒட்டிக் கீழிருந்து மேலாகக் கல் வரிசைகளை எண்ணினால் போதும். செங்கல் சுமார் 3 அங்குல உயரம். கலவையையும் சேர்த்தால் 7 அடிக்கு ஏறக்குறைய 25 வரிசை வரும். ஹாலோ பிளாக் 8 அங்குலம் என்பதால் 10 வரிசையிலேயே நிலை உயரம் வந்துவிடும். கலவை தடித்தால் ஒன்றிரண்டு வரிசை மாறலாம், ஆனால் 10-ஐயும் 25-ஐயும் யாரும் குழப்பிக்கொள்ள முடியாது.

மகன் எண்ணுகிறார்: பத்து. அப்படியானால் பிளாக் சுவர். இருபத்தைந்து வந்திருந்தால், சாம்பல் நிறத்தில் செங்கல் அளவு என்பதால், அது பெரும்பாலும் சூளையே காணாத ஃப்ளை ஆஷ் கல்லாக இருந்திருக்கும்.

இனிதான் சிக்கல். ஹாலோ பிளாக்கும் சாலிட் பிளாக்கும் முகப்பில் ஒரே நிறம், ஒரே அளவு. கட்டிய பிறகு துளைகள் மேலும் கீழுமாக மறைந்துவிடுவதால், நேராக எடுத்த படத்தைப் பார்த்து எது என்று சொல்லவே முடியாது. கடைசி வரிசையை மேலிருந்து எடுத்தாலோ, கட்டாமல் கிடக்கும் ஒரு கல்லைப் புரட்டி வைத்து எடுத்தாலோ துளை தெரியும். சிவப்பாக இருக்கிறதே என்று ஹாலோ இல்லை என முடிவு கட்டவும் கூடாது. சுட்ட களிமண்ணிலேயே துளையுள்ள பெரிய பிளாக்குகள் உண்டு.

வகையைச் சொல்லும் படம் கல்லின் உறுதியைச் சொல்லாது. சரியாக வேகாத செங்கல்லும், போதிய நாள் தண்ணீர் விட்டு ஆற்றாத பிளாக்கும் படத்தில் நல்ல கல்லைப் போலவே தோன்றும். அதற்கு அப்பாதான் இரண்டு செங்கற்களைக் கையில் எடுத்துத் தட்டிப் பார்க்க வேண்டும்: நன்றாக வெந்த கல் கணீரென்று ஒலிக்கும்.