முதல்வரின் சுயவிவரத்தில் எது அவருடைய முடிவு?

தனியார் பள்ளியில் நீண்ட காலம் முதல்வராக இருந்தவர், பள்ளிக் குழுமம் ஒன்றின் கல்வி மேலாளர் பதவிக்கோ ஆலோசனை நிறுவனத்துக்கோ விண்ணப்பிக்கிறார். அவருடைய சுயவிவரம் பெரும்பாலும் ஆசிரியர் வேலைக்கு எழுதியது போலவே இருக்கும். முதலில் பி.எட்., அடுத்து கற்பித்த வகுப்புகள், நடுவில் "பள்ளி நிர்வாகத்தைத் திறம்படக் கவனித்தேன்" என்று ஒரு வரி. ஆள் எடுப்பவருக்குத் தேவையானது அந்த ஒரு வரிக்குள்தான் புதைந்து கிடக்கிறது.

நம் ஊர் தனியார் பள்ளிகளில் கட்டணம், சம்பளம், கட்டடம் எல்லாம் பொதுவாகத் தாளாளர் கையில். கால அட்டவணை, ஆசிரியர் பணிப்பகிர்வு, தேர்வு, பெற்றோர் புகார் ஆகியவை முதல்வர் பொறுப்பு. இந்த எல்லை ஆள் எடுப்பவருக்கு நன்றாகவே தெரியும். ஆகவே "பட்ஜெட் நிர்வகித்தேன்" என்று எழுதினால், எவ்வளவு தொகை வரை நீங்களே கையெழுத்திட முடிந்தது என்பதுதான் முதல் கேள்வியாக வரும். ஆய்வகத்துக்கும் நூலகத்துக்கும் ஆண்டுக்கு 3 லட்சம் வரை என்றால் அதையே எழுதுங்கள். சிறிய தொகைதான், ஆனால் உங்களுடையது.

ஒரு வரியை மாற்றிப் பார்ப்போம். கற்பனைப் பள்ளி ஒன்று: 1,100 மாணவர்கள், 52 ஆசிரியர்கள். பழைய வரி, "ஆசிரியர்களை ஊக்கப்படுத்தினேன்." புதிய வரி, "ஆண்டுக்கு 14 ஆசிரியர்கள் விலகிவந்த பள்ளியில், மூன்றாம் ஆண்டு விலகியவர்கள் 6. பதிலிப் பாடவேளைகளை வாரத்துக்கு இரண்டுக்கு மேல் ஒருவருக்கும் தராதபடி அட்டவணையை மாற்றினேன். ஊதிய உயர்வு நிர்வாகத்தின் முடிவு." கடைசித் துண்டைச் சேர்க்கப் பலரும் தயங்குகிறார்கள். என் கணிப்பில் மற்ற எல்லா வரிகளையும் நம்பவைப்பது அதுதான்.

பத்தாம் வகுப்பில் 100 சதவீதத் தேர்ச்சி என்பதும் தனியாக நின்றால் பலவீனமே. ஒன்பதாம் வகுப்போடு எத்தனை பேருக்கு டி.சி. கொடுத்தீர்கள் என்ற சந்தேகம் உடனே எழும். "ஒன்பதில் இருந்த 96 பேரில் 95 பேர் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதினர், ஒருவர் வெளியூர் மாற்றலில் சென்றார்" என்று சேர்த்தால் சந்தேகத்துக்கு இடமில்லை.

ஆலோசனை வேலைக்கு வேறொன்றும் முக்கியம். சி.பி.எஸ்.இ. இணைப்பு விண்ணப்பத்தை சரஸ் தளத்தில் நீங்களே தொடங்கி முடித்திருந்தாலோ, மெட்ரிக் பள்ளி அங்கீகாரப் புதுப்பிப்புக்குத் தீயணைப்பு, கட்டட உறுதி, சுகாதாரச் சான்றுகளைத் திரட்டியிருந்தாலோ அது முதல் பக்கத்துக்கு வர வேண்டும். புதிதாகப் பள்ளி தொடங்குபவர்கள் ஆலோசகரிடம் பணம் கொடுத்துக் கேட்பது இந்த அனுபவத்தைத்தான். கற்பித்த ஆண்டுகளுக்கு ஒரு வரி போதும்.

வேலையை விட்ட பிறகு பள்ளிப் பதிவேடுகள் கைக்கு எட்டாது. பதவியில் இருக்கும்போதே ஆண்டுவாரியாக மொத்த எண்களை மட்டும் குறித்து வையுங்கள். மாணவர் பெயர்ப் பட்டியலை எடுத்து வராதீர்கள்.