டீக்குப் போன டீமைக் காணோம்

ஆண்டு விழாவுக்கு அலுவலகத்தைக் கிண்டலடிக்க மெட்டு தேடுபவர்களுக்கு 1964-ல் வந்த ‘காதலிக்க நேரமில்லை’ ஒரு வரம். வேலை போன ரவிச்சந்திரன், முதலாளி பாலையாவின் வீட்டு முன்னால் ஆட்களோடு பாடும் போராட்டப் பாட்டு நினைவிருக்கிறதா? விஸ்வநாதன் - ராமமூர்த்தி இசை. எல்லாருக்கும் தெரிந்த மெட்டு, சேர்ந்து பாடலாம், விஷயமும் ஆபீஸ் விஷயம்.

பல்லவியின் அடி கிட்டத்தட்ட ‘தானா தானா தானா தானா’ என்று போகிறது. எட்டு இடம். ஒவ்வொரு ‘தா’விலும் குரல் அழுந்தும்.

கணக்குப் பிரிவின் டீ பழக்கத்தை இதில் ஏற்றுவோம். முதலில் எல்லாருக்கும் தோன்றுவது இப்படித்தான் இருக்கும்: ‘அஞ்சு நிமிஷம்னு போனவங்க அரை மணி நேரமாக் காணோம்.’ செய்தி சரி, பாட்டு இல்லை. எட்டு இடத்தில் பத்தொன்பதைத் திணித்தால் பாடுபவர் மூச்சு வாங்குவார், மெட்டு யாருக்கும் புரியாது. வெட்டிப் பார்க்கலாம்: ‘குமார் டீக்குப் போனார் காணோம்.’ எண்ணிக்கை எட்டுதான். ஆனால் அழுந்தும் இடத்தில் ‘கு’ என்ற குறில் நிற்கிறது. மெட்டு அதை ‘கூமார்’ என்று இழுத்துவிடும். ‘மெயிலு’ம் அப்படித்தான், ‘மேயிலு’ ஆகி யாரோ புல் மேய்வது போலக் கேட்கும். அங்கே நெடில் வரவேண்டும். இல்லையேல் ‘அஞ்சு’ போலக் குறிலை அடுத்து ஒற்று வரவேண்டும்.

குமாரை எடுப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நூறு பேர் முன்னால் ஒருவர் பெயரைச் சொன்னால் அவர் வெளியே சிரிப்பார், மறுநாள் பேசமாட்டார். பழியைக் கூட்டத்தின் மேல் போடுவோம்:

டீக்குப் போன டீமைக் காணோம்
தேடிப் போன ஆளும் காணோம்

எட்டுக்கு எட்டு. டீக்கு டீ மோனை. இரண்டாம் அடியில் ‘தேடி’ போனவரும் மாயமாவதுதான் நகைச்சுவை. முதல் அடி குற்றச்சாட்டு மட்டும், சிரிப்பு அடுத்ததில்தான். மேனேஜரையும் இழுக்க ஆசைப்பட்டால் தேடிப் போன ஆள் அவர்தான் என்று நடிப்பில் காட்டிவிடலாம், அவரிடம் முன்பே சொல்லிவிட்டு. சம்பளம், உருவம், விடுப்புக்குச் சொன்ன காரணம், இந்த மூன்றையும் தொடவே வேண்டாம்.

பல்லவியும் ஒரே ஒரு சரணமும் போதும். மூன்றாவது சரணத்தில் கூட்டம் சாப்பாட்டு வரிசையைப் பார்க்க ஆரம்பித்துவிடும். கரோக்கி டிராக்கின் சுருதி உயரமாக இருந்தால், ஒத்திகையிலேயே இரண்டு கட்டை இறக்கிக்கொள்ளுங்கள். மேடையில் ‘ஆளும் காணோம்’ என்றதும் சிரிப்பு எழுந்தால் அடுத்த அடி அதில் மூழ்கிவிடும். அதனால் அந்த ஈரடியை இருமுறை பாடுங்கள். முதல்முறை பின்வரிசைக்குக் கேட்காமல் போனதும் இரண்டாம் முறையில் போய்ச் சேரும்.