இரைச்சலுக்கு நடுவே பாட்டைக் கண்டுபிடிக்கும் ‘ஒலிக் கைரேகை’

உணவகத்தில் அமர்ந்திருக்கிறீர்கள். தட்டுகள் மோதும் சத்தம், பக்கத்து மேசைப் பேச்சு. இவற்றுக்கிடையே ஒலிபெருக்கியில் ஒரு பாடல் கேட்கிறது. கைப்பேசியைச் சில விநாடிகள் நீட்டினால் போதும், ஷசாம் செயலி அதன் பெயரைச் சொல்லிவிடும். எப்படி?

2002-இல் பிரிட்டனில் ஷசாம் தொடங்கியபோது அது செயலியாக இல்லை. 2580 என்ற எண்ணை அழைத்து, தொலைபேசியைப் பாட்டின் பக்கம் நீட்ட வேண்டும். பதில் குறுஞ்செய்தியில் வரும். இதன் வழிமுறையை உருவாக்கிய ஏவரி வாங், 2003-இல் ஓர் ஆய்வுக்கட்டுரையில் அதை விளக்கினார்.

முதலில் ஒலி ஒரு வரைபடமாக மாற்றப்படுகிறது. கிடை அச்சில் நேரம், செங்குத்து அச்சில் அதிர்வெண். அதில் சுற்றியுள்ளவற்றைவிட வலுவாக ஒலிக்கும் புள்ளிகள் மட்டும் வைத்துக்கொள்ளப்படும், மற்றவை நீக்கப்படும். இரைச்சல் சில புள்ளிகளை மறைக்கும், சில பொய்ப் புள்ளிகளைச் சேர்க்கும். ஆனாலும் பாடலின் வலுவான புள்ளிகள் பல தப்பிவிடும். பார்ப்பதற்கு இந்த வரைபடம் இரவு வானத்து விண்மீன் கூட்டம்போல் இருக்கும்.

தனிப் புள்ளியால் பயனில்லை. 800 ஹெர்ட்ஸ் ஒலி ஆயிரக்கணக்கான பாடல்களில் இருக்கும். எனவே ஒரு புள்ளியை, அதற்குச் சற்றுப் பின்னால் வரும் இன்னொன்றோடு இணைக்கிறார்கள். 800 ஹெர்ட்ஸ், 1200 ஹெர்ட்ஸ், இடைவெளி 0.5 விநாடி: இம்மூன்றும் சேர்ந்தால் ஓர் அடையாளம். தரவுத்தளத்தில் ஒவ்வோர் அடையாளத்துடனும் அது எந்தப் பாடலில், எத்தனையாவது விநாடியில் வருகிறது என்பதும் பதிவாகியிருக்கும். புத்தகத்தின் கடைசியில் உள்ள சொல்லடைவு போலத்தான்.

இனி ஒப்பிடுதல். உங்கள் பதிவில் மூன்று அடையாளங்கள் 2, 4, 7-ஆம் விநாடிகளில் வருகின்றன என்று வைத்துக்கொள்வோம். ‘அ’ என்ற பாடலில் அவை 72, 74, 77-ஆம் விநாடிகளில் உள்ளன. கழித்துப் பாருங்கள்: மூன்றுக்கும் விடை 70. அதாவது பாடலின் 70-ஆம் விநாடியில் நீங்கள் பதிவைத் தொடங்கியிருக்கிறீர்கள். ‘ஆ’ என்ற பாடலிலும் அதே அடையாளங்கள் உள்ளன. ஆனால் 43, 16, 140-ஆம் விநாடிகளில். வேறுபாடுகள் 41, 12, 133. ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை, இது தற்செயல். நிஜத்தில் மூன்று அல்ல, இன்னும் பல அடையாளங்கள் ஒப்பிடப்படும். ஒரே வேறுபாடு எந்தப் பாடலில் அதிகம் குவிகிறதோ, அதுவே விடை. இரைச்சலால் வந்த பொய் அடையாளங்கள் இப்படிக் குவிவதில்லை.

இந்த முறைக்கு ஓர் எல்லை உண்டு. அதே பாடலை நீங்கள் பாடினால், சுருதியும் வேகமும் சற்று மாறும். அதிர்வெண்களும் இடைவெளிகளும் மாறினால் அடையாளங்களும் மாறிவிடும். மேடையில் அதே பாடகர் மீண்டும் பாடினாலும் இதே கதைதான். ஏனெனில் இந்த முறை அடையாளம் காண்பது பாடலை அல்ல. அந்தக் குறிப்பிட்ட ஒலிப்பதிவை.